முற்றத்தில் விழுவது திங்களா, மதியா, நிலவா?

கேள்வி: அண்ணே, எங்கள் அப்பச்சியின் சாந்திக் கல்யாணத்துக்கு வாழ்த்து மடலில் போட ஒரு குறள் வெண்பா எழுதினேன். "முற்றத்தில் வீழும் திங்கள்போல் எம்மில்லில் / சுற்றத்தை ஈர்க்கும் முகம்" என்று. எனக்குப் பாடம் எடுத்த தமிழய்யா பார்த்துவிட்டு "திங்கள்போல்" என்பதை அடித்து "மதிபோல" என்று எழுதிக் கொடுத்தார். இரண்டும் நிலாதானே? ஒரே பொருளுக்கு இத்தனை சொல் எதற்கு? கவிஞர்கள் எதை வைத்து ஒன்றை எடுக்கிறார்கள், மற்றதை விடுகிறார்கள்?

பதில்:

தம்பி, உங்கள் தமிழய்யா செய்தது சரி. ஆனால் அவர் திருத்தியது தளையை, அதாவது ஒரு சீரை அடுத்த சீரோடு பிணைக்கிற கட்டை மட்டும்தான். என்னைக் கேட்டால் அந்த இடத்தில் திங்களும் வேண்டாம், மதியும் வேண்டாம், "நிலவு" போடுங்கள் என்பேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

நிகண்டைத் திறந்தால் நிலாவுக்கு ஒரு கூடை நிறையப் பெயர் இருக்கும். திங்கள், மதி, அம்புலி, இந்து, சோமன், சசி, உடுபதி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளை அதை மனப்பாடம் செய்ய வைத்தது அழகுக்காக இல்லை. தச்சருக்கு உளி மாதிரி, பாட்டுக் கட்டுகிறவனுக்கு அது கருவிப்பெட்டி. பத்து உளி இருப்பது பத்தும் ஒன்று என்பதால் இல்லை; பத்தும் வேறு வேறு வாய் என்பதால்.

முதலில் எதுகையைப் பார்ப்போம். நம் பக்கத்தில் பிள்ளையார்பட்டிக்குப் போகாத வீடு கிடையாது, "ஐந்து கரத்தனை" தெரியாத பிள்ளையும் கிடையாது. திருமந்திரக் காப்பு:

ஐந்து கரத்தனை ஆனை முகத்தனை
இந்தின் இளம்பிறை போலும் எயிற்றனை
நந்தி மகன்தனை ஞானக் கொழுந்தினைப்
புந்தியில் வைத்தடி போற்றுகின் றேனே

இதில் "இந்தின் இளம்பிறை" என்றால் சந்திரனின் இளம்பிறை. பிறை என்றாலே சந்திரனுடையதுதான், அதற்கு "இந்தின்" என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. பிறகு ஏன் வந்தது? அடிகளின் முதல் சொற்களை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஐந்து, இந்தின், நந்தி, புந்தி. இரண்டாம் எழுத்து எல்லாவற்றிலும் ந். அந்த இடத்தில் திங்களோ மதியோ அம்புலியோ உட்காரவே முடியாது. நிலாவின் பெயர்களில் ந் இரண்டாவதாக வருவது இந்துவும் சந்திரனும்தான் உடனே கைக்கு வரும். அதிலும் "இளம்பிறை"யோடு மோனை சேர்வது இந்து. ஆகவே இந்து வந்தது. பொருளில் அது ஒரு மாத்திரை கூடுதல்தான், ஆனால் பாட்டைக் கட்டி நிறுத்துவதே அந்தச் சொல்தான்.

இதைப் பார்த்து நீங்களும் வாழ்த்து மடலில் இந்து என்று போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை உறவில் ஒரு கல்யாணத்துக்கு "இந்துவின் ஒளிபோல்" என்று எழுதப்போய், வந்தவர்களில் பாதிப்பேர் அதை மதம் என்று படித்தார்கள். ஒரு பெரியவர் பெண்ணின் பெயர் இந்துவா என்று விசாரித்தார். பழைய சொல்லுக்குப் புதிய பொருள் ஏறிவிட்டால், நிகண்டைக் காட்டி வாதாடிப் பயன் இல்லை.

எதுகைக்காக எடுத்த சொல் பொருளுக்கும் உயிர் கொடுத்தால் அதுதான் பெரிய கவிஞனின் கை. இதற்கு நிலாவை விட்டுச் சூரியன் பக்கம் ஒரு எட்டுப் போய்வருவோம். நாட்டரசன்கோட்டையில் கம்பனின் சமாதி என்று நாம் கும்பிடுகிற இடம் இருக்கிறது, காரைக்குடியில் கம்பன் கழகம் இருக்கிறது. அதனால் இந்தப் பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். ராமன் காட்டுக்கு நடந்து போகிற காட்சி:

வெய்யோன்ஒளி தன்மேனியின் விரிசோதியின் மறையப்
பொய்யோஎனும் இடையாளொடும் இளையானொடும் போனான்
மையோமர கதமோமறி கடலோமழை முகிலோ
ஐயோஇவன் வடிவென்பதோர் அழியாஅழ குடையான்

கடைசி அடியின் "ஐயோ"தான் இந்தப் பாட்டின் உயிர். மை, மரகதம், கடல், முகில் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, எதுவும் போதாமல், உவமையையே கைவிட்டுவிட்டு "ஐயோ" என்கிறான். அந்த ஐயோவை முதலில் மனதில் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து முன்னால் வந்துதான் கம்பன் சூரியனுக்குச் சொல் தேடியிருப்பான் என்பது என் ஊகம். கதிரவன், பரிதி, ஞாயிறு, இரவி, ஆதவன், பகலவன் எதுவும் ஐயோவுக்குச் சேராது. வெய்யோன் ஒன்றுதான் சேரும்.

அது மட்டும் இல்லை. வெய்யோன் என்றால் வெம்மை உடையவன், சுடுகிறவன். அரண்மனையில் வளர்ந்த மூன்று பேர் வெயிலில் நடக்கிறார்கள். அங்கே ஒளியை மட்டும் சொல்கிற பெயரைப் போட்டிருந்தால் வெயில் நம் தோளில் உறைக்காது. சுடுகிறவனின் ஒளியே இவன் மேனிச் சோதியில் மறைந்துபோகிறது என்னும்போதுதான் அந்த வரிக்கு வேகம் வருகிறது. எதுகை கொண்டுவந்த சொல்லை, அந்த இடத்தின் வெயில் தன்னுடையதாக்கிக்கொண்டது.

சரி, உங்கள் தமிழய்யா விஷயத்துக்கு வருவோம். அவர் பார்த்தது தளை. வெண்பாவில் ஒரு சீர் முடிகிற விதத்துக்கும் அடுத்த சீர் தொடங்குகிற விதத்துக்கும் ஒரு கட்டு உண்டு. குறிலோ நெடிலோ தனியாக நின்றால் நேரசை, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரையசை; பின்னால் ஒட்டுகிற மெய் கணக்கில் வராது. நேரில் முடிகிற ஈரசைச் சீர் மா, நிரையில் முடிகிற ஈரசைச் சீர் விளம், நேரில் முடிகிற மூவசைச் சீர் காய். மாச்சீருக்குப் பின்னால் நிரை வரவேண்டும். விளத்துக்குப் பின்னாலும் காய்க்குப் பின்னாலும் நேர் வரவேண்டும். இதை விட்டால் வெண்பா இல்லை, வெறும் வரி.

இப்போது நம் சொற்களை அசை பிரித்துப் பாருங்கள். "மதி" இரண்டு குறில் சேர்ந்தது, அதனால் நிரையசை. "நிலா" குறிலும் நெடிலும், அதுவும் நிரை. "நிலவு" நிரையில் தொடங்கி நேரில் முடிகிறது, புளிமா. "திங்கள்" என்பதோ திங், கள் என்று இரண்டு நேர், தேமா. ஆக மதியும் நிலாவும் நிலவும் ஒரு பக்கம், திங்கள் எதிர்ப்பக்கம். மாச்சீர் முடிந்த இடத்தில் திங்கள் நுழைய முடியாது. காய்ச்சீரோ விளச்சீரோ முடிந்த இடத்தில் மதி நுழைய முடியாது.

உங்கள் வரியில் "வீழும்" தேமா. அதன் பின்னால் நிரை வரவேண்டிய இடத்தில் "திங்கள்போல்" என்று நேரில் தொடங்கிவிட்டீர்கள். தட்டியது அங்கேதான். "முற்றத்தில் வீழும் திங்கள்போல்" என்று வாய்விட்டுப் படித்தால், இலக்கணம் தெரியாவிட்டாலும் "வீழும்" முடிந்ததும் நாக்கு ஒரு சின்னத் தடுக்கலில் நிற்கும். காதுக்குத் தெரிகிற அந்தத் தடுக்கலுக்குத்தான் இலக்கணம் தளைதட்டல் என்று பெயர் வைத்திருக்கிறது. "மதிபோல" என்று மாற்றியதும் அது போய்விட்டது.

வள்ளுவர் இதை எப்படிக் கையாள்கிறார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். காமத்துப்பாலில் பெண்ணின் முகத்தை நிலாவோடு ஒப்பிடுகிற குறள்களில் வரிசையாக மதிதான் வரும். 1118-ஆம் குறள்:

மாதர் முகம்போல் ஒளிவிட வல்லையேல்
காதலை வாழி மதி

வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடியவேண்டும். "மதி" மலர் வாய்பாடு, கச்சிதமாக உட்கார்ந்துவிடும். திங்கள் ஈற்றுச் சீராகவே வரமுடியாது. "வாழி" தேமா என்பதால் பின்னால் நிரையும் வேண்டும், அதுவும் மதிக்கு இருக்கிறது. அடுத்த குறளான 1119-உம் "தோன்றல் மதி" என்றுதான் முடிகிறது, அதே கணக்கு.

அதே வள்ளுவர் கொஞ்சம் தள்ளி, ஊர் பேசும் அலரைப் பற்றி 1146-இல் சொல்லும்போது சொல்லை மாற்றிவிடுகிறார்:

கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும்
திங்களைப் பாம்புகொண் டற்று

அவனைப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான்; ஊரில் பேச்சோ, நிலாவைப் பாம்பு பிடித்த கிரகணச் செய்தி மாதிரி பரவிவிட்டது என்கிறாள் தலைவி. இங்கே மதியைப் போட்டுப் பாருங்கள். "அலர்மன்னும்" புளிமாங்காய், காய்ச்சீர். பின்னால் நேர் வரவேண்டும், மதி நிரை. அடி மாறுகிற இடத்திலேயே தட்டுகிறது. சரி, அதை விட்டுத்தள்ளி அந்தப் பக்கம் பார்த்தால், "மதியை" புளிமா. அதன் பின்னால் நிரை வேண்டும், "பாம்பு" நேர். அங்கேயும் தட்டுகிறது. "மதியினை" என்று நீட்டிப் பாம்போடு சமாதானம் செய்யலாம், ஆனால் முன்னால் இருக்கிற அலர்மன்னும் விடாது. "திங்களை" என்று போட்டால் கூவிளம். முன்னால் காய்க்குப் பின் நேர், பின்னால் விளத்துக்குப் பின் நேர், இரண்டு பக்கமும் பூட்டு விழுந்துவிடுகிறது. இந்த ஒரு குறளை அலகிட்டுப் பார்த்தாலே, இத்தனை பெயர் எதற்கு என்ற உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதி பொருளில் இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அந்தப் பாதிதான்.

திங்கள், நிலவு இரண்டையும் நாம் இன்று ஒன்றாகப் புழங்குகிறோம். சங்கப் பாட்டில் அப்படி இல்லை. அங்கே வானத்தில் இருக்கிற உருண்டை பெரும்பாலும் திங்கள் அல்லது மதி. நிலவு என்றால் அதன் ஒளி. சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை இருக்கிறதே, பாரியின் பறம்பு மலை அதுதான் என்று சொல்வார்கள். மூவேந்தரும் மலையைப் பிடித்து, பாரியும் போன பிறகு அவன் மகளிர் பாடியது புறநானூற்றில் 112-ஆம் பாட்டு:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது திங்களும் நிலா, நிலவும் நிலா, ஏன் இரண்டு தடவை சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். இங்கே திங்கள் என்றால் மாதம். "போன மாதத்து அந்த வெண்ணிலா வெளிச்சத்தில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து இந்த வெண்ணிலா வெளிச்சத்தில் இரண்டும் இல்லை" என்கிறார்கள். பாட்டு முழுக்க நிலா என்ற உருண்டை எங்கேயும் பெயர் சொல்லி வரவே இல்லை, கவனித்தீர்களா? மாதம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. அந்தப் பெண்கள் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கவில்லை. அவர்களைச் சுற்றி விழுந்துகிடக்கிற வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். அதே வெளிச்சம், அதே வெண்மை, "அ" மட்டும் "இ" ஆகிவிட்டது. திங்கள் என்ற சொல்லுக்கு மாதம் என்ற பொருளும் இல்லாமல் இருந்தால், ஒரு நிலா சுற்றி வருவதற்குள் எல்லாம் போய்விட்டது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

திங்களுக்கு இருக்கிற இந்த மாதப் பொருளை நம் கல்யாணப் பத்திரிகைகள் இன்னும் விடவில்லை, "ஆவணித் திங்கள்" என்றுதான் அச்சடிக்கிறோம். ஆண்டாளின் "மார்கழித் திங்கள் மதிநிறைந்த நன்னாளால்" என்ற வரியிலும் திங்கள் மாதம், மதி நிலா. பக்கத்துப் பக்கத்தில் வைத்தும் குழப்பமே இல்லை. ஆனால் அதே திருப்பாவையில் 22-ஆம் பாசுரத்துக்குப் போனால் "திங்களும் ஆதித்தியனும் எழுந்தாற்போல்" என்று திங்களையே நிலாவாக்கிவிடுகிறாள். ஏன் என்றால் அந்தப் பாசுரம் அங்கண், பங்கமாய், சங்கம், கிங்கிணி, செங்கண் என்று ங் எதுகையில் ஓடுகிறது. மதிக்கு அங்கே கதவு திறக்காது.

முதல் பாசுரத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது, "கதிர்மதியம் போல்முகத்தான்". இந்த மதியம் நிலா. இன்று மதியம் என்றால் சோற்று வேளை. பழைய பாட்டில் "மதியம்" கண்டால் உச்சி வெயிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். புதுப் பாட்டில் நிலாவுக்கு மதியம் என்று எழுதாதீர்கள். பிறைக்கும் ஒரு வார்த்தை. பிறை கீற்றுக்குத்தான் பெயர், அதனால் நெற்றிக்கு உவமையாகும், முகத்துக்கு ஆகாது. "முழுப்பிறை" என்று ஒரு மடலில் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. அம்புலி குழந்தைக்கு உரியது. பிள்ளைத்தமிழில் நிலாவை விளையாடக் கூப்பிடும் பருவத்துக்கே அம்புலிப் பருவம் என்றுதான் பெயர். அறுபது வயதுக்காரருக்கு அது வேண்டாம்.

இப்போது உங்கள் முற்றத்துக்கு வருவோம். பௌர்ணமி ராத்திரி வளவில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். தூணோரம் பத்தியில் உட்கார்ந்தால் கூரை மறைக்கும், நிலா கண்ணில் படாது. முற்றத்துத் தரையில் நீளவாட்டில் ஒரு பாய் விரித்த மாதிரி வெளிச்சம் மட்டும் கிடக்கும். நிலா கிழக்கே எழுந்து வருகையில் அந்த வெளிச்சம் மேற்குப் பக்கத்துத் தூண்களில் ஏறி நிற்கும். உச்சிக்கு வந்தால் முற்றத்துக்கு நடுவே நேராக விழும். அப்புறம் மெல்லக் கிழக்குப் பக்கத்துப் பத்தியில் ஏறும். எங்கள் அப்பத்தா அது எந்தத் தூணில் நிற்கிறது என்று பார்த்துத்தான் "நேரமாச்சு, போய்ப் படுங்க" என்பார்.

முற்றத்தில் விழுவது அந்த வெளிச்சம். திங்கள் விழாது, மதியும் விழாது. விழுந்தால் வீடு தாங்காது. உங்கள் தமிழய்யாவின் "வீழும் மதிபோல" தளைக்குச் சரி. பொருளில் வானத்து உருண்டை தரையில் வந்து விழுகிறது. திங்களை விட மனமில்லை என்றால் வினையை நீட்டி "முற்றத்தில் வந்துவிழும் திங்கள்போல்" என்று தளையைச் சரிசெய்யலாம். "வந்துவிழும்" கூவிளங்காய், பின்னால் நேர் வரலாம். ஆனால் பொருளில் அதே சிக்கல்தான், "வந்து" வேறு சேர்ந்து இன்னும் பலமாக விழுகிறது.

நிலவைப் போடுங்கள்:

முற்றத்தில் வீழும் நிலவுபோல் எம்மில்லில்
சுற்றத்தை ஈர்க்கும் முகம்

"வீழும்" தேமா, பின்னால் "நிலவுபோல்" நிரையில் தொடங்குகிறது. அது நில, வுபோல் என்று கருவிளம். பின்னால் "எம்மில்லில்" நேரில் தொடங்குகிறது. "எம்மில்லில்" தேமாங்காய், அடுத்த அடி "சுற்றத்தை" நேர். அதுவும் தேமாங்காய், பின்னால் "ஈர்க்கும்" நேர். அது தேமா, பின்னால் "முகம்" நிரை, மலர் வாய்பாடு. எங்கும் தட்டவில்லை. முற்ற, சுற்ற எதுகையும் அப்படியே இருக்கிறது.

உவமையும் இப்போது இறுக்கமாகிவிடுகிறது. நிலா வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் வீட்டுச் சனம் வந்து உட்காரும், பிள்ளைகளுக்கு நிலாச்சோறு பிசைவார்கள், பேச்சு தொடங்கும். அப்பச்சியின் முகமும் அப்படி ஆட்களைக் கூட்டுகிறது என்றுதானே சொல்ல வந்தீர்கள்? அது உருண்டையைப் பற்றிய பேச்சு இல்லை, வெளிச்சத்தைப் பற்றிய பேச்சு.

தமிழய்யாவிடம் ஒரு தடவை காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது சீர் பிரித்த இடங்களை அப்படியே விடச் சொல்லுங்கள். "நிலவு போல்" என்று நடுவில் இடைவெளி விட்டு அடித்தால், அலகிடத் தெரிந்த யாராவது ஒருவர் சாந்தி வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும் உங்களைத் தேடி வருவார்.